போர்த்துகீசியத்தின் இரண்டு இறந்தகாலங்கள்: தமிழில் என்ன பெயர் வைக்கலாம்?

மலர்விழி

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

லிஸ்பனில் வேலைக்கு வந்திருக்கும் நம்மவர்கள் சிலருக்காகப் போர்த்துகீசியப் பாடக்குறிப்புகள் எழுதி வருகிறேன். எட்டாம் பாடத்தில் வண்டி நின்றுவிட்டது. நடந்து போனதைச் சொல்ல அந்த மொழியில் இரண்டு வடிவங்கள் உண்டு. 'பணம் கட்டினேன்' என்பதைப் பகெய் என்றும் சொல்லலாம், பகாவா என்றும் சொல்லலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அவர்கள் முதல் வடிவத்தைப் பெர்ஃபெய்து என்றும் இரண்டாவதை இம்பெர்ஃபெய்து என்றும் அழைக்கிறார்கள். ஒலிபெயர்த்து அப்படியே விட்டால் மாணவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டுக்கும் இணையாக நிற்கும் தமிழ்ச் சொற்கள் வேண்டும். உதவுங்கள்.

கதிரவன்

இது மிக எளிது. பெர்ஃபெய்து என்றால் குறையற்றது. எனவே 'செம்மை இறந்தகாலம்', 'குறை இறந்தகாலம்' என்று வைத்துக்கொள்ளலாம். செம்மை என்பது நல்ல பழஞ்சொல்லும் ஆயிற்று.

இளங்கோ

கதிரவன், எந்த வடிவத்திலும் குறை இல்லை. அந்தப் பெயர் லத்தீனிலிருந்து வந்தது. அங்கே அதற்குப் 'செய்து முடிக்கப்பட்டது' என்றுதான் பொருள், மற்றது 'முடிக்கப்படாதது'. நம் பெயரைக் கேட்டு மாணவர் இரண்டாவதைப் பிழையான வடிவம் என்று நினைத்துவிடுவார்.

என் கருத்து: 'முடிந்த இறந்தகாலம்', 'தொடர் இறந்தகாலம்'. தமிழில் 'கட்டினேன்', 'கட்டிக்கொண்டிருந்தேன்' என்ற வேறுபாடு இருக்கிறதே, அதுதான் இது. ஒரு நொடியில் முடிவது முதல் வகை. நீண்டு போவதும் திரும்பத் திரும்ப நடப்பதும் இரண்டாம் வகை.

ஜோசப்

பெயர் வைக்கும் புலமை எனக்கு இல்லை. ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தவன் நான். வந்த முதல் ஆண்டில் வீட்டு உரிமையாளர் தொலைபேசியில் வாடகை கேட்டார். முதல் தேதியே கட்டிவிட்டேன் என்று சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது பகாவா. அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியா, இப்போது?" என்றார். எனக்குப் புரியவில்லை. நான் மறுபடியும் பகாவா என்று உரக்கச் சொன்னேன். மாலையில் நேரிலேயே வந்துவிட்டார். வங்கிச் சீட்டைக் காட்டிய பிறகுதான் சிரித்தார். "முன்பெல்லாம் முதல் தேதி கட்டுவேன்" என்று நான் இரண்டு முறை அறிவித்திருக்கிறேன்! இதில் தொடர்வது எங்கே இருக்கிறது என்று இளங்கோ தம்பி சொல்ல வேண்டும்.

தேவகி

ஜோசப் அண்ணன் சொன்னதிலேயே முடிச்சு இருக்கிறது. கோய்ம்ப்ராவில் சில ஆண்டுகள் இந்த மொழியைக் கற்பித்தவள் என்ற முறையில் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

இளங்கோ, நீங்கள் பாதி வழி வந்துவிட்டீர்கள். முடிந்தது, முடியாதது என்று பிரித்தது சரி. ஆனால் 'நீண்டால் இரண்டாம் வகை' என்பதில்தான் எல்லா மாணவரும் வழுக்கி விழுகிறார்கள். 'கோவாவில் பத்து ஆண்டுகள் வாழ்ந்தேன்' என்று சொல்ல வேண்டுமென்றால் விவி என்ற முதல் வடிவம்தான் வரும். பத்து அல்ல, நூறு ஆண்டுகள் என்றாலும் அதுவே. காலத்தை அளந்து சொன்ன உடனே இரண்டு முனையும் கட்டப்பட்டுவிடுகிறது. 'போர் தொடங்கியபோது நான் கோவாவில் வாழ்ந்துவந்தேன்' என்றால் விவீயா. இங்கே எப்போது குடியேறினேன், எப்போது கிளம்பினேன் என்பது பேச்சில் இல்லை.

திரும்பத் திரும்ப நடப்பதும் அப்படித்தான். 'மூன்று முறை போனேன்' என்றால் ஃபூய், எண்ணி முடித்தாயிற்று. 'ஞாயிறுதோறும் போவேன்' என்றால் ஈயா. சிலர் 'எப்போதும்' என்ற சொல்லைக் கண்டாலே இரண்டாம் வடிவத்தைப் போடச் சொல்லிக் கொடுக்கிறார்கள். 'நான் எப்போதும் லிஸ்பனில்தான் வாழ்ந்திருக்கிறேன்' என்பதற்கு ஒரு லிஸ்பன்காரர் ஸெம்ப்ர விவி என்பார், முதல் வடிவத்தில். அந்தச் சொற்பட்டியல்களை நம்ப வேண்டாம்.

ஒரு சிறிய பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். மழை பெய்துகொண்டிருந்தது. நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி ஒலித்தது. எழுந்து போய் எடுத்தேன். மறுமுனையில் அக்கா. இதில் மழையும் படிப்பும் இரண்டாம் வடிவம்: ஷுவீயா, லீயா. ஒலித்ததும் எடுத்ததும் முதல் வடிவம்: துகோ, அதெந்தி. 'மறுமுனையில் இருந்தது அக்கா' என்பது மறுபடியும் இரண்டாவது: எரா. இப்போது லீயாவை மட்டும் லீ என்று மாற்றிப் பாருங்கள். செய்தித்தாளைப் படித்து முடித்து மடித்து வைத்த பிறகு தொலைபேசி ஒலித்ததாகக் கதை மாறிவிடும். துகோவைத் துகாவா ஆக்கினால் மணி விடாமல் அடித்துக்கொண்டே இருக்கும், கதை நகராது. மாணவர் சரியாகப் பிடித்திருக்கிறாரா என்று அறிய நான் இதைத்தான் செய்வேன்: ஒரு வினையை மாற்றிவிட்டு, 'இப்போது எது முதலில் நடந்தது?' என்று கேட்பேன்.

புலவர் நல்லதம்பி

தேவகி அம்மையாரின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. என் பங்குக்கு இரண்டு எச்சரிக்கைகள்.

முதலாவது, 'முற்று' என்ற சொல்லின் பக்கம் யாரும் போக வேண்டாம். 'முற்றிய இறந்தகாலம்', 'முற்றா இறந்தகாலம்' என்று யாராவது எழுதப்போகிறீர்கள் என்று எதிர்பார்த்தே சொல்கிறேன். நம் இலக்கணத்தில் முற்று என்பது எச்சத்துக்கு எதிர். பகாவா என்பதும் வினைமுற்றுதான். 'முற்றா வினைமுற்று' என்று எழுத நேர்ந்தால் நாமே சிரிப்போம். 'நிறைவு' என்பதும் ஏற்கெனவே ஆங்கில இலக்கணத்துக்குப் போய்விட்ட சொல். பள்ளியில் அதைப் படித்தவர் 'கட்டியிருக்கிறேன்' என்பதை நினைப்பார்.

இரண்டாவது, இளங்கோ காட்டிய 'கொண்டிருந்தேன்' தமிழில் ஒரு கிளை மட்டுமே. ஜோசப் அவர்கள் தம் தவற்றை எப்படித் தமிழில் சொன்னார் பாருங்கள்: 'முன்பெல்லாம் கட்டுவேன்'. அது எதிர்கால வடிவம்! சிறுவயதில் ஆற்றில் குளிப்போம், தாத்தா கதை சொல்வார் என்று கடந்துபோன வழக்கத்தை எதிர்காலத்தில்தான் சொல்கிறோம். 'அவரை எனக்கு அப்போதே தெரியும்' என்பதும் இதே கதைதான். ஆக அவர்களுடைய ஒரே வடிவம் நம்மிடம் 'கொண்டிருந்தேன்', 'கட்டுவேன்', 'தெரியும்' என்று மூன்று வீட்டில் குடியிருக்கிறது. அதில் ஒரு வீட்டின் பெயரை முழுத் தெருவுக்கும் வைப்பது முறையல்ல.

முத்துக்குளித்துறையில் இருந்த என்றிக்கே என்றிக்கஸ் பாதிரியார் 16ஆம் நூற்றாண்டில் தமிழுக்குப் போர்த்துகீசிய மொழியில் இலக்கணம் எழுதினார். நாம் இப்போது எதிர்த்திசையில் அதே ஆற்றைக் கடக்கிறோம் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

இளங்கோ

ஐயா, ஒப்புக்கொள்கிறேன். 'தொடர்' என்பதைத் திரும்பப் பெறுகிறேன். முனை கட்டியதா, கட்டாததா என்பதுதான் செய்தி என்றால் 'கரைகண்ட இறந்தகாலம்', 'கரைகாணா இறந்தகாலம்' என்று சொல்லலாமா?

ஜோசப்

கரைகண்டவன் என்றால் எங்கள் ஊரில் கெட்டிக்காரன். பகெய் என்று சொன்னவர் கரைகண்டவர், பகாவா என்று சொன்ன நான் கரைகாணாதவன். எனக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

புலவர் நல்லதம்பி

நகைச்சுவை இருக்கட்டும். 'வரம்புற்ற இறந்தகாலம்', 'வரம்புறா இறந்தகாலம்' என்பன என் பரிந்துரை. வயல் வரம்பைக் கண்டவருக்கு விளக்கம் தேவையில்லை.

மலர்விழி

ஐயா, மன்னிக்க வேண்டும். என் மாணவர்களில் பெரும்பாலோர் கட்டட வேலையிலும் சமையற்கூடத்திலும் இருப்பவர்கள். 'வரம்புற்ற', 'வரம்புறா' இரண்டையும் நேற்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். காதில் ஒரே மாதிரி விழுகிறது என்றார்கள். 'மூடிய இறந்தகாலம்', 'திறந்த இறந்தகாலம்' என்றதும் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் கையால் பெட்டி மூடுவதுபோல் காட்டி "பகெய், வாடகை முடிந்தது" என்றார்.

ஒரு சந்தேகம். 'தெரிந்தது' என்பதில் இது எப்படி வேலை செய்கிறது? தெரிவதை எப்படி மூடுவது?

தேவகி

நல்ல கேள்வி. அறிவு, விருப்பம் போன்ற வினைகளில் மூடிய வடிவம் வரும்போது பெரும்பாலும் அது தொடங்கிய கணத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஸபீயா என்றால் செய்தி முன்பே தெரிந்திருந்தது. ஸோப் என்றால் தெரியவந்தது, அந்தக் கணத்தில் யாரோ சொன்னார்கள். எதிர்மறையில் இன்னும் கூர்மை. 'அவனுக்கு வர விருப்பமில்லை' என்பதைத் திறந்த வடிவத்தில் சொன்னால் கடைசியில் வந்தானா என்பது தெரியாது. மூடிய வடிவத்தில், நாவ்ன் கீஷ் என்று சொன்னால் மறுத்துவிட்டான், வரவில்லை.

மூடிய, திறந்த என்ற பெயர்கள் இந்த இடத்தையும் தாங்குகின்றன என்றுதான் நினைக்கிறேன். ஆனால் 'இறந்தகாலம்' என்ற பின்பாதி தாங்காத இடம் ஒன்று உண்டு. லிஸ்பன் காப்பிக்கடையில் எல்லோரும் கெரீயா என்றுதான் காப்பி கேட்பார்கள். வடிவம் திறந்த இறந்தகாலம், பொருள் 'ஒரு காப்பி வேண்டும்'. பணிவுக்காக அப்படி. குறும்புக்காரப் பரிமாறுபவர் "வேண்டியிருந்ததா? இப்போது வேண்டாமா?" என்று கேட்பது அங்கே பழைய நகைச்சுவை.

கதிரவன்

அப்படியானால் காப்பி கேட்பதற்குத் தனிப் பெயர் வைக்க வேண்டுமா?

புலவர் நல்லதம்பி

வேண்டாம். ஆனால் தலைப்பில் 'இறந்தகாலம்' என்று எழுதிவிட்டு உள்ளே நிகழ்காலத்தில் காப்பி வாங்குவது எனக்கு உறுத்துகிறது. 'திறந்த வடிவம்' என்று மட்டும் சொல்லிவிட்டால் என்ன? வரம்பை நான் இன்னும் கைவிடவில்லை. நூலுக்கு அதுவும் வகுப்புக்கு இதுவும் இருக்கட்டும்.

மலர்விழி

இந்த ஞாயிற்றுக்கிழமைப் பாடத்தில் 'மூடிய இறந்தகாலம்', 'திறந்த இறந்தகாலம்' என்றே போடுகிறேன். காப்பியைப் பதினொன்றாம் பாடத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். அதற்குள் யாருக்காவது வேறு பெயர் தோன்றினால் எழுதுங்கள். ஜோசப் அண்ணா, வாடகைக் கதையைப் பெயர் சொல்லாமல் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளலாமா?

ஜோசப்

சேர்த்துக்கொள்ளுங்கள். வாடகையைக் கட்டிவிட்டேன் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள், மூடிய வடிவத்தில்.