நெல் மூட்டைக் கதையை ஆட்சேர்ப்பு அதிகாரியிடம் சொன்ன அனுபவம்

பரந்தன்காரன்: கொழும்பு நிறுவனம் ஒன்றின் ஆட்சேர்ப்பு அதிகாரி தொலைபேசியில் அழைத்து, கடைசியாகச் செய்த வேலையைப் பற்றிக் கேட்டார். ரெஸ்ட் ஏபிஐ, மெசேஜ் கியூ, ஐடெம்பொடென்சி என்று ஒரே மூச்சில் அடுக்கினேன். மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. "ஒரு செயலி செய்திருக்கிறீர்கள், அப்படித்தானே?" என்றார். எட்டு மாத உழைப்பு அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிட்டது. அடுத்த சுற்றுக்கு அழைப்பு வரவில்லை.

இரண்டாவது நிறுவனத்தின் ஆட்சேர்ப்பு அதிகாரியிடம் அதே வேலையை இப்படிச் சொன்னேன்: "பெரும்போக அறுவடையில் சங்கத்தார் வயலுக்கே போய் நெல்லை நிறுத்துக் கைத்தொலைபேசியில் பதிவார்கள். இரணைமடுவுக்குக் கீழே சில வயல்களில் சிக்னல் வரும், போகும். எடை எங்கள் கணினிக்கு வந்துவிடும்; 'கிடைத்தது' என்ற பதில் மட்டும் வழியில் தொலையும். தொலைபேசி மறுபடி அனுப்பும். இருபது மூட்டை நாற்பதாகிவிடும். அதனால், அனுப்பும் முன்பே ஒவ்வொரு பதிவுக்கும் தொலைபேசி ஒரு துண்டு எண் போடுகிறது. அதே எண் இரண்டாம் முறை வந்தால் கணினி புதிதாக எழுதாது."

அவர் உடனே, "பதிகிறவரே மறந்துபோய் இரண்டு தடவை பதிந்தால்?" என்று கேட்டார். எனக்கு வியர்த்துவிட்டது. அப்போது எண்ணும் புதிதாக இருக்கும், என் ஏற்பாட்டில் பிடிபடாது. அதை ஒப்புக்கொண்டேன். அடுத்த சுற்றுக்கு அழைத்தார்கள்.

வவுனியா வாத்தியார்: இதைத்தான் மாணவர்களிடம் சொல்கிறேன். தொழில்நுட்பச் சொல் ஒன்றுகூட வாயில் வரக்கூடாது.

ஒட்டுசுட்டான் அக்கா: வாத்தியார், அது பாதிதான் சரி. ஆறு வருடம் ஆட்சேர்ப்பு அதிகாரியாக அந்தப் பக்கம் இருந்து பேசியவள் நான். பொறியாளர்கள் எழுதித் தந்த தாள் என் முன்னால் இருக்கும்: ஜாவா, போஸ்ட்கிரெஸ் என்று. அந்தச் சொல் காதில் விழாவிட்டால் சரி போட முடியாது; கதை எவ்வளவு பிடித்திருந்தாலும் அந்த இடம் வெறுமையாகவே போகும். கதை முடிந்ததும், "இதை ஜாவாவில் எழுதினேன், பதிவுகள் போஸ்ட்கிரெஸில் இருந்தன" என்று ஒரு வரி போதும். விளம்பரத்தில் கேட்ட சொற்களை மட்டும் சொல்லுங்கள். தம்பி, இன்னொன்று. துண்டு எண் உங்கள் யோசனையா? "செய்தோம்" என்று சொன்னால் நான் யார் கணக்கில் எழுதுவது?

மாங்குளத்தான்: நான் பழைய தரவுத்தளத்தைப் புதியதற்கு மாற்றினேன். பாவித்தவர் யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இதில் என்ன கதை சொல்வது? என் விண்ணப்பம் நான்கு பக்கம், அதைக் குறைக்கவும் வேண்டுமா?

ஒட்டுசுட்டான் அக்கா: பக்கத்தைப் பிறகு பார்ப்போம். மாற்றும்போது எவ்வளவு நேரம் நிறுத்தினீர்கள்? மாறிய கணக்கு சரி என்று எப்படிப் பார்த்தீர்கள்?

மாங்குளத்தான்: ஓர் இரவு, பத்து நிமிடம். இரண்டு தரவுத்தளத்திலும் வரிகளை எண்ணி, மொத்தத் தொகையை ஒப்பிட்டேன்.

ஒட்டுசுட்டான் அக்கா: இதையே முதலில் சொல்லியிருக்கலாமே!

பரந்தன்காரன்: அக்கா, யோசனை என்னுடையது. தொலைபேசிச் செயலியை எழுதியவன் நண்பன். "செய்தேன்" என்று சொல்ல இன்னும் நாக்கு கூசுகிறது. நண்பனும் அதே நிறுவனத்துக்கு விண்ணப்பித்திருக்கிறான்.