16 வயசு பையன் ராத்திரி 10 வரைக்கும் ஒர்க்‌ஷாப்ல நிக்கலாமா? 7 மணி ரூல் சரியா?

பவானி_அக்கா:
என் தம்பிக்கு 16 வயசு, ப்ளஸ் ஒன் படிக்கிறான். பக்கத்துல ஒரு டூவீலர் ஒர்க்‌ஷாப்ல ஸ்கூல் விட்டு வந்து 5 மணிலருந்து 10 மணி வரைக்கும், ஞாயித்துக்கிழமை ஃபுல் டேவும் வரச்சொல்றாங்க. அப்பாவுக்கு உடம்பு முடியல, அந்தக் காசு வீட்டுக்கு உதவும். இது சட்டப்படி சரியா, அனுப்பலாமா?

கார்த்தி_திருப்பூர்:
14 தாண்டிட்டா பிரச்சனையே இல்லக்கா. 14க்கு கீழ தான் சைல்டு லேபர். பட்டாசு, சுரங்கம் மாதிரி இடத்துக்கு மட்டும் 18 ஆகணும். ஒர்க்‌ஷாப் அதுல வராது, தாராளமா அனுப்புங்க.

பழைய_யூனியன்காரன்:
கார்த்தி தம்பி சொன்னதுல பாதி சரி. 2016ல திருத்தின குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி 14 முடிஞ்சவங்க ஆபத்தில்லாத வேலைக்குப் போலாம், ஆனா 14லருந்து 18 வரைக்கும் நேரக் கணக்குன்னு ஒண்ணு தனியா இருக்கு, அத யாரும் சொல்றதே இல்ல. தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக்கூடாது, அதுக்கப்புறம் ஒரு மணி நேரமாவது ரெஸ்ட் குடுக்கணும், ரெஸ்ட்டும் சேத்து ஒரு நாளைக்கு மொத்தமே 6 மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிரணும். வண்டி வரட்டும்னு சும்மா உக்காந்திருக்கிற நேரமும் அந்த 6ல சேரும். சாயங்காலம் 7லருந்து காலைல 8 வரைக்கும் வேலையே கூடாது. ஓவர்டைம் கூடாது, வாரத்துல ஒரு நாள் முழுசா லீவு.

இப்ப உங்க தம்பிக்கு கணக்கு போடுங்க. ஸ்கூல் நாள்ல 5 டூ 7, அவ்ளோதான், ரெண்டு மணி நேரம். சனிக்கிழமை ஸ்கூல் இல்லன்னா 9 டூ 12 வேலை, 12 டூ 1 சாப்பாடு, 1 டூ 3 வேலை. அஞ்சு மணி நேர வேலை, அதுக்கு மேல ஒரு நிமிஷம் கூட இல்ல. வாரம் பூரா ஸ்கூல் நாள்லயும் சனிக்கிழமையும் போனா ஞாயிறு அவனுக்கு லீவு. அவங்க கேக்கற 10 மணியும் ஞாயிறு ஃபுல் டேவும் ரெண்டுமே சட்டத்துக்கு வெளில இருக்கு.

ஸ்பேனர்_செல்வம்:
நான் சேலத்துல ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன், 11 வருஷமா. இந்த சட்டத்த எழுதினவங்க ஒரு நாள் சாயங்காலம் என் கடைல வந்து நிக்கணும். வேலைக்குப் போற ஆளுங்க 6 மணிக்கு மேலதான் வண்டிய கொண்டாந்து விடுவாங்க, காலைல எடுத்துட்டுப் போகணும்பாங்க. எங்களுக்கு பிசினஸே 6 டூ 10 தான். 7 மணிக்கு பையன அனுப்பிரணும்னா அவன எதுக்கு நான் வைக்கணும், 18 ஆன ஆள வச்சுக்குவேன். அப்ப அந்தப் பையன் சும்மா வீட்ல உக்காந்திருவானா? கல்யாண மண்டபத்துல பந்தி பரிமாறப் போவான், லோடு இறக்கப் போவான், ராத்திரி 1 மணிக்கு வீட்டுக்கு வருவான், அங்க எந்த இன்ஸ்பெக்டரும் வரப்போறதில்ல. நானும் இந்த வயசுலதான் தொழில் பழகினேன், இன்னைக்கு நாலு பேருக்கு சம்பளம் குடுக்கறேன். வீட்டுக் கஷ்டத்துக்கு வர்ற பையன தடுத்தா அவன் வீட்டுக்கு யாரு காசு குடுப்பா, அத சொல்லுங்க மொதல்ல.

பழைய_யூனியன்காரன்:
செல்வம் சார், மண்டபம் பத்தி நீங்க சொன்னது உண்மை, அங்க நடக்கறது இதவிட மோசம். ஆனா அதுக்காக உங்க கடைலயும் 10 மணின்னு விட்ரலாம்ங்கறத ஏத்துக்க முடியாது. ஒர்க்‌ஷாப்னா வெறும் ஸ்பேனரா? பஞ்சர் ஒட்றது, ஆயில் மாத்தறது, செயின் அட்ஜஸ்ட் பண்றது இதெல்லாம் 16 வயசுப் பையன் பழகலாம். கிரைண்டர் பிடிக்கிறது, பேட்டரி பிரிச்சு ரிப்பேர் பண்றது, தின்னர் கலந்து பெயின்ட் அடிக்கிறது இதெல்லாம் வேற. உலோகத்த கிரைண்ட் பண்றது, பேட்டரி தயாரிப்பு, ரிப்பேர், சீக்கிரம் தீப்பிடிக்கிற திரவம் எல்லாம் 18க்கு கீழ கூடாதுன்னு இருக்கற பட்டியல்லயே வருது. காலைல நீங்க இருக்கும்போது பையன் டூல் எடுத்துக் குடுப்பான். ராத்திரி 9 மணிக்கு ஆள் பத்தல, மூணு வண்டி நிக்குதுன்னா அவன் கைலதான் கிரைண்டர் போகும். வேணும்னு யாரும் குடுக்கறதில்ல, அவசரத்துல போயிரும். நான் பாத்த கை விபத்து கேஸ்கள்ல பாதிக்கு மேல இப்படித்தான்.

நேரத்துக்கு ஏன் இவ்ளோ கறாருன்னா, பையன் எந்த மெஷினத் தொட்டான்னு வெளில இருந்து யாராலயும் நிரூபிக்க முடியாது, கேட்டா கடையக் கூட்டிப் பெருக்கிட்டு இருந்தான்னு சொல்லிருவாங்க. ராத்திரி எட்டரைக்கு அவன் கடைல நின்னா அது எல்லாருக்கும் தெரியும்.

கார்த்தி_திருப்பூர்:
அண்ணே அந்தப் பட்டியல் ஃபேக்டரிகளுக்கானது இல்லையா? ரெண்டு பேர் வேலை பாக்கற கடைல கிரைண்டர் பிடிச்சா அது எப்படி ஆபத்தான தொழில்ல வரும்?

பழைய_யூனியன்காரன்:
அந்த இனங்கள் ஃபேக்டரி சட்டத்துலருந்து எடுத்ததுதான் தம்பி, அதனால சின்னக் கடைக்கு அது பொருந்தாதுன்னு வாதாடறவங்க இருக்காங்க, பொருந்தும்னு சொல்றவங்களும் இருக்காங்க. நான் பொருந்தும்னு நெனைக்கிறேன், டிஸ்க் ஒடஞ்சு தெறிக்கும்போது கடை பெருசா சின்னதான்னு பாக்காது. நேர ரூல்ல அந்த சந்தேகமே கெடையாது, ரெண்டு பேர் இருக்கற கடைக்கும் உண்டு.

மளிகை_மல்லிகா:
எங்க மளிகைக் கடைல என் பையன் 12 வயசு, ஸ்கூல் விட்டு வந்து கல்லால உக்காருவான், பொட்டலம் கட்டுவான். இதுக்கும் கேஸ் போடுவாங்களா, பயமா இருக்கு.

பழைய_யூனியன்காரன்:
இல்லம்மா. குடும்பத்தோட சொந்தக் கடைல பள்ளி நேரம் போக, லீவுல உதவி பண்ணலாம், வேலை ஆபத்தில்லாததா இருந்தா. அத்தை, மாமா, சித்தப்பா, பெரியப்பா கடைன்னாலும் குடும்பம்தான். ஆனா உதவிக்கும் 7 மணியோட நிறுத்திருங்க. பக்கத்து வீட்டுப் பையன 12 வயசுல சம்பளத்துக்கு வச்சா அது நேரா குற்றம், ஆறு மாசத்துலருந்து ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 20,000லருந்து 50,000 வரைக்கும் அபராதம், சில சமயம் ரெண்டும்.

டீச்சர்_தாரா:
நான் கவர்மென்ட் ஸ்கூல்ல ப்ளஸ் ஒன்னுக்கு கிளாஸ் டீச்சர். ராத்திரி வேலைக்குப் போற பசங்கள நான் கேக்காமலே கண்டுபிடிச்சிருவேன். முதல் பீரியட்ல வரமாட்டாங்க, திங்கக்கிழமை ஆப்சென்ட், காலாண்டுக்கு அப்புறம் வாரத்துல ரெண்டு நாள், அரையாண்டுக்கு அப்புறம் ரெஜிஸ்டர்ல பேர் மட்டும் இருக்கும். படிக்க முடியாத பசங்க இல்ல, தூங்காத பசங்க. செல்வம் சார் முன்னேறினது எனக்கு சந்தோஷம், ஆனா இன்னைக்கு பேங்க் லோனுக்கும் கம்பெனி சர்வீஸ் சென்டர்ல சேரறதுக்கும் ப்ளஸ் டூ, ஐடிஐ கேக்கறாங்களே சார்.

ஸ்பேனர்_செல்வம்:
டீச்சர் சொல்றது புரியுது, என் கடைலயும் ஒருத்தன் அப்படித்தான் படிப்ப நிறுத்திட்டான், இப்ப முழு நேரமா என்கிட்டதான் இருக்கான், அவனுக்கு 19. ஆனா நேரம் மீறினதுக்கு என்ன பெரிய தண்டனை, ஒரு மாசம் இல்ல 10,000 ரூபா, அதையும் யாரு போடறா? சட்டத்த மதிக்கிறவன் பையன வைக்க மாட்டான், மதிக்காதவன் 12 மணி வரைக்கும் வைப்பான். எனக்கு அனுமதிச்சா 8:30 வரைக்கும், மெஷின் தொடாம, வச்சுக்க தயார். அந்த இடைப்பட்ட வழியே சட்டத்துல இல்ல.

டீச்சர்_தாரா:
8:30ன்னா வீட்டுக்கு 9, சாப்பிட்டு ஹோம்ஒர்க் முடிக்க 11. பரீட்சை மாசத்துல என்ன பண்ணுவீங்க சார்? நான் ஒத்துக்க மாட்டேன்.

பவானி_அக்கா:
எல்லாருக்கும் நன்றி. அந்தக் கடைக்காரர்கிட்ட 7 மணின்னு கேட்டேன், வேண்டாம்னுட்டார். சனிக்கிழமை மட்டும் 9 டூ 3 ஒத்துக்கறார், ஆனா தொழில் பழகறவன்தானேன்னு சம்பளம் இல்லாம வெறும் பேட்டா தர்றேங்கறார். அது சரியா?

பழைய_யூனியன்காரன்:
பழகறான்னு வாயால சொன்னா அப்ரன்டிஸ் ஆகிடாதும்மா, அதுக்கு ஒப்பந்தம் எழுதிப் பதியணும், உதவித்தொகை உண்டு. இல்லன்னா அவன் வேலையாள், சம்பளம் குடுத்தே ஆகணும். தம்பி பேரு, பிறந்த தேதி, வேலை நேரம் எல்லாம் ரெஜிஸ்டர்ல எழுதச்சொல்லுங்க, அது அவர் கடமை. எழுத மாட்டேன்னு சொன்னா அனுப்பாதீங்க, நாளைக்கு கைல அடி பட்டா எங்க கடைல வேலை பாக்கலன்னு சொல்லிருவாங்க.

ஸ்பேனர்_செல்வம்:
பேட்டா மட்டும்ங்கறது தப்பு, நானே சொல்றேன். அஞ்சு மணி நேர வேலைக்கு உண்டான கூலிய கேட்டு வாங்குங்க. ஆனா வீட்டுச் செலவுக்கு ஒரு சனிக்கிழமைக் கூலி எந்த மூலைக்கும்மா?