சோபா கம் பெட் பாதியில் நிற்கிறது, மடங்க மாட்டேங்குது

கதிர்: நேத்து வரைக்கும் நல்லா மடங்குச்சு. இப்போ பாதியில நின்னுடுது. எண்ணெய் விட்டாச்சு, பலனில்லை. என்ன பண்ணலாம்? அவசரம்.

ஜெயந்தி: வெளியே இழுக்கிற மாடலா, முதுகைச் சாய்க்கிற மாடலா? ரெண்டு பக்கமும் ஒண்ணா நிக்குதா?

ராஜா_82: ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். ஜோடியா மாத்துங்க.

சுமதி: எங்க மடக்குக் கட்டில்ல கால் பூட்டை ஒரு தட்டு தட்டினா சரியாயிடும். தட்டிப் பாருங்க.

கதிர்: இழுக்கிறதுதான், மூணு மடிப்பு. இடது பக்கம் எழும்புது, வலது எழும்பல.

பட்டறை மணி: இதை முதல்லயே சொல்லியிருந்தா நாலு பதில் மிச்சம். ஸ்பிரிங் தளர்ந்தா தூக்கக் கனக்கும், அவ்வளவுதான். எப்பவும் ஒரே இடத்துல டக்குனு நின்னா இரும்பு இரும்புல இடிக்குதுன்னு அர்த்தம். மெத்தையை எடுத்துட்டு, இன்னொருத்தர் பிடிச்சுக்க, நிற்கிற இடம் வரை மெதுவா மடக்குங்க. பட்டைகளுக்கு நடுவுல விரல் போகக் கூடாது.

ஜெயந்தி: அந்த நிலையிலேயே இடதையும் வலதையும் ஒப்பிடுங்க. ஒவ்வொரு பட்டை மேலயும் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வைங்க. நேரா இருக்க வேண்டிய பட்டைக்கும் ஸ்கேலுக்கும் நடுவுல வெளிச்சம் தெரிஞ்சா அதுதான் வளைஞ்சது. சில பட்டையில கம்பெனியே வளைவு வெச்சிருக்கும். இடதுலயும் அதே வளைவு இருந்தா விட்டுடுங்க. அப்புறம் ஒவ்வொரு ரிவெட் மேலயும் விரலை வெச்சு ஃபிரேமை ஆட்டச் சொல்லுங்க. லூஸானது விரல்லயே தெரியும். அதைச் சுத்திக் கறுப்புப் பொடி அப்பியிருக்கும்.

ராஜா_82: சரி, ரிவெட்டுன்னா பாப் ரிவெட் அடிச்சா அஞ்சு நிமிஷ வேலை.

பட்டறை மணி: அலுமினியக் குழாயை மடங்குற மூட்டுல அடிப்பீங்களா? கொஞ்ச நாள்ல அறுந்துடும்.

ராஜா_82: ஸ்டீல்லயும் பாப் ரிவெட் வருதே!

பட்டறை மணி: வரும். ஆனா அது பட்டைகளை இறுக்கிப் பிடிக்கத்தான். இங்கே சுழலணும்.

ஜெயந்தி: சண்டையை விடுங்க. கதிர், ஸ்பிரிங்கைக் கழற்றினதுக்கு அப்புறம் ரிவெட் தலையை டிரில் பண்ணி எடுங்க. ஓட்டை வட்டமாவே இருந்தா அதே அளவு போல்ட். முட்டை வடிவமாயிருந்தா ஒரு சைஸ் பெரிசா துளைச்சு அதுக்கேத்த போல்ட், ஓரத்துல போதுமான இரும்பு மிஞ்சினா மட்டும். மரை பட்டைக்குள்ள வந்தா ஓட்டையை அரம் மாதிரி தின்னும், அதனால மரையில்லாத தண்டுப் பகுதி ரெண்டு பட்டையையும் தாண்டணும். நடுவுல நைலான் வாஷர், வெளியே நைலாக் நட். இறுக்கிட்டு, பட்டை தன்னால சுழல்ற வரை கால் சுற்று தளர்த்துங்க. வளைஞ்ச பட்டையைத் தனியா கழற்றி வைஸ்ல வெச்சு நிமிர்த்தணும். ஃபிரேமோட வெச்சு அடிச்சா அடுத்த ரிவெட்டும் போயிடும்.

சுமதி: அப்போ தட்டக் கூடாதா?

கதிர்: வலது, ரெண்டாவது பட்டை. ரிவெட் தேய்ஞ்சு பட்டை சாஞ்சு பக்கத்துல இடிச்சிருக்கு. ஓட்டை முட்டையாத்தான் இருந்துச்சு. 8 மி.மீ. எடுத்துட்டு 10 போட்டேன். மடங்குது. கடைசில மட்டும் ஒரு கிளிக் சத்தம்.

ஜெயந்தி: இடது பக்கம் அதே ரிவெட்டைப் பார்த்தீங்களா?