நோடை 0 ஆக்கினா கிளஸ்டர் கட்டணமும் நிக்குமா?

வள்ளியூர் டெவ்:
"டெவ், டெஸ்ட், புரொடக்‌ஷன்னு மூணு கிளஸ்டர் தனித்தனியா வச்சுக்கோங்க. ராத்திரி டெவ், டெஸ்ட் நோடை 0 ஆக்கிட்டா ஒரு பைசா ஆகாது." பக்கத்து குழுவில இப்படி ஒருத்தர் எழுதியிருக்காக. அமேசானோட இகேஎஸ்ல இது உண்மையா?

பாளை சர்வர்:
பச்சைத் தப்பு. இதைப் படிச்சுட்டு எத்தனை பேரு மாசக் கடைசியில முழிக்கப் போறாகளோ. கண்ட்ரோல் பிளேனுக்கு கிளஸ்டர் ஒண்ணுக்கு மணிக்கு 0.10 டாலர். மாசத்துக்கு 730 மணின்னு வச்சா 73 டாலர், மூணு கிளஸ்டருக்கு 219. நோடு 50 இருந்தாலும் அதே 73, ஒண்ணுகூட இல்லாட்டாலும் அதே 73. அவுக சொல்லுத கமாண்டு இதுதான்:

```
eksctl scale nodegroup --cluster=dev --name=ng-1 --nodes=0 --nodes-min=0
```

இது இசி2 மெஷினை மட்டும்தான் எடுக்கும். ஏபிஐ சர்வரும் எட்சிடியும் அமேசான் பக்கத்துல ஓடிக்கிட்டே இருக்கும். லோட் பேலன்சர், நாட் கேட்வே, ஈபிஎஸ் டிஸ்க் எதுவும் நிக்காது. ரதவீதியில கடையைப் பூட்டி சாவியை இடுப்புல சொருகிட்டா வாடகை நின்னுருமா?

தென்காசி சாரல்:
அந்த "ஒருத்தர்" நான்தான். பேரைச் சொல்லியே எழுதியிருக்கலாம் டெவ் தம்பி. செலவுல பெரும்பங்கு நோடு, அது நிக்குதுல்லா? அதைத்தான் சொன்னேன். மைக்ரோசாஃப்ட்டோட ஏகேஎஸ்ல `az aks stop` போட்டா கண்ட்ரோல் பிளேனே நிக்கும். அங்க இலவசத் தரத்துல அந்தக் கட்டணமே கிடையாது. எல்லா கிளவுடும் இகேஎஸ் இல்ல அண்ணாச்சி.

பாளை சர்வர்:
கேள்வியில இகேஎஸ்னு கொட்டை எழுத்துல இருக்கு. அதுல ஸ்டாப்புன்னு ஒரு கமாண்டே கிடையாது. "பெரும்பங்கு நோடு"ன்னா அதையும் கணக்குப் போட்டுப் பாப்போம். வர்ஜீனியாவில t3.medium மணிக்கு 0.0416 டாலர். ரெண்டு நோடு மாசம் பூரா ஓடினா 61 டாலர் கிட்ட. கிளஸ்டர் கட்டணம் 73. சின்ன டெவ் கிளஸ்டர்ல கட்டணம்தான் பெருசு. நீங்க ஒரு பைசா ஆகாதுன்னு எழுதுனிய. ஆகுது, 73 டாலர்.

ஏகேஎஸ் இலவசத் தரத்துக்கு எஸ்எல்ஏ கிடையாது. எஸ்எல்ஏ வேணும்னு ஸ்டாண்டர்டுக்குப் போனா அங்கயும் மணிக்கு அதே 0.10தான். ஸ்டாப் பண்ணா தனியா ஓடுத பாடு திரும்பி வராது, டெப்ளாய்மெண்ட்டோட இருக்கதுதான் வரும். அதையும் சேத்து எழுதுங்க.

தென்காசி சாரல்:
ஒரு 73ஐப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குதியளே. சரி, ராத்திரி கிளஸ்டரையே அழிச்சுட்டு காலையில டெர்ராஃபார்ம்ல திரும்ப எழுப்பினா? கால் மணி நேர வேலை. ஒரு நாளைக்கு 9 மணி நேரம், மாசம் 22 நாள், 198 மணிக்கு 19.80 டாலர். இப்ப என்ன சொல்லுதிய?

பாளை சர்வர்:
கணக்கு சரி. நடைமுறைதான் இடிக்கும். புதுசா எழுப்புத கிளஸ்டருக்கு ஓஐடிசி முகவரி வேற. சர்வீஸ் அக்கவுண்டோட ஐஏஎம் ரோலைக் கட்டி வச்சிருந்தா, அந்த ரோலோட டிரஸ்ட் பாலிசியில பழைய முகவரிதான் இருக்கும். பாடு எல்லாம் பச்சையா ரன்னிங்னு காட்டும், எஸ்3ஐத் தொடும்போது `sts:AssumeRoleWithWebIdentity`க்கு AccessDenied வரும். டெவலப்பர் காலையில வந்து கோடுல பிழை தேடிக்கிட்டு கெடப்பான்.

இன்னொண்ணு, அழிக்கதுக்கு முன்னாடி LoadBalancer வகை சர்வீசையும் இன்கிரஸையும் முதல்ல டிலீட் பண்ணணும். அந்த லோட் பேலன்சரை உண்டாக்கினது கிளஸ்டருக்குள்ள ஓடுத கண்ட்ரோலர். அது செத்த பிறகு அதைத் தூக்க ஆளில்ல. அனாதையா நின்னு காசு தின்னும். விபிசியும் அழியாம அடம் பிடிக்கும். இதுல ஒரு வரிகூட உங்க பதிவுல இல்ல.

மேலப்பாளையம் ரூட்:
பாளை அண்ணாச்சி, பயமுறுத்தாதீங்க. பாட் ஐடென்டிட்டிக்கு மாறினா ஓஐடிசி தொல்லை இல்ல. அசோசியேஷனை மட்டும் டெர்ராஃபார்ம் கூடவே திரும்பப் போடணும், ரோலைத் தொட வேண்டாம்.

பாளை சர்வர்:
அது தெரியும். அதுக்கு ஏஜெண்ட் ஆட்-ஆனும் வேணும், அப்ளிகேஷன்ல புது எஸ்டிகேவும் வேணும். இந்தக் கூத்தெல்லாம் எதுக்கு? டெவ், டெஸ்ட் ரெண்டையும் ஒரே கிளஸ்டர்ல ரெண்டு நேம்ஸ்பேஸா வைங்க. ரிசோர்ஸ் கோட்டா போடுங்க, நெட்வொர்க் பாலிசி போடுங்க. 219 அப்படியே 146 ஆயிரும். எதையும் அழிக்க வேண்டாம்.

மேலப்பாளையம் ரூட்:
வெர்ஷன் அப்கிரேடை எங்க சோதிப்பிய? கிளஸ்டருக்கு ஒரே வெர்ஷன்தான், நேம்ஸ்பேஸுக்குத் தனி வெர்ஷன் கிடையாது. சிஆர்டியும் கிளஸ்டர் முழுக்க ஒண்ணுதான். டெவ்ல ஒருத்தன் புது சிஆர்டியை ஏத்தினா டெஸ்ட்டும் சேந்து விழும். 73 மிச்சம் பிடிக்கப் போய் டெஸ்டர் ரெண்டு நாள் சும்மா உக்காந்தா யாரு கணக்கு எழுதுவா?

பாளை சர்வர்:
அப்கிரேடுக்கு மட்டும் ஒரு கிளஸ்டரை ரெண்டு நாள் எழுப்பி அழிங்க. 48 மணி, 4.80 டாலர். அதுக்காக வருஷம் பூரா 73 கட்டணுமா?

அம்பை ஐடி:
அண்ணாச்சிமாரே, எங்க திட்டத்துல 8 நோடுக்கு மேல போக மாட்டேங்குது. கூகுளோட ஜிகேஇ. ஆட்டோஸ்கேலர்ல 20ன்னுதான் போட்டிருக்கேன். அதிகக் கட்டணத் திட்டத்துக்கு மாறணுமா?

பாளை சர்வர்:
மாற வேண்டாம், கட்டணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. கிளஸ்டர் போடும்போது பாடுக்கு /21 ரேஞ்ச் கொடுத்திருப்பிய. நோடு ஒண்ணுக்கு 110 பாடுங்கது இயல்பு அமைப்பு, அதுக்காக ஒவ்வொரு நோடுக்கும் ஒரு /24 போயிரும். /21க்குள்ள /24 எட்டுதான் இருக்கு. உங்க 8 அங்கதான் இருக்கு. இதைப் பாருங்க:

```
gcloud container clusters describe NAME --location=LOC --format="value(clusterIpv4Cidr)"
```

அம்பை ஐடி:
/21தான் வருது! அப்ப 110ஐ 32ன்னு குறைச்சா போதுமா?

பாளை சர்வர்:
32ன்னா நோடுக்கு /26 போதும், /21க்குள்ள 32 நோடு வரும். ஆனா இருக்க நோடு பூல்ல அதை மாத்த முடியாது. `--max-pods-per-node=32`ன்னு புது பூல் போடணும். இப்ப 8 நோடும் ரேஞ்சை முழுசாப் பிடிச்சிருக்கு, புது பூலுக்கு ஐபியே இருக்காது. அதனால முதல்ல பழைய நோடு ஒண்ணை டிரெயின் பண்ணி எடுங்க. அந்த /24ல புது நோடு நாலு ஏறும். அப்புறம் ஒவ்வொண்ணா நகத்துங்க.

தென்காசி சாரல்:
இல்லன்னா இன்னொரு பாடு ரேஞ்சைச் சேத்து, அதுல புது பூல் போடலாம். எதையும் டிரெயின் பண்ண வேண்டாம். இதை ஏன் சொல்லல? அவுகளுக்கு உங்க வழி மட்டும்தான் வழி.

பாளை சர்வர்:
சப்நெட்டுல காலி ரேஞ்ச் இருந்தாத்தான் அது. அலுவலக விபிஎன்னோட மோதுதான்னு பாக்காம சேத்தா வேற வம்பு. ஒரு பைசா ஆகாதுன்னு எழுதுனவுக எனக்கு வழி சொல்ல வராண்டாம்.

தென்காசி சாரல்:
ஜிகேஇல கிளஸ்டர் கட்டணத்துல மாசம் 74.40 டாலர் கழிவு தாரான். அங்க ஒரு பைசா ஆகாதுதான்!

பாளை சர்வர்:
பில்லிங் கணக்குக்கு ஒண்ணு, கிளஸ்டருக்கு ஒண்ணு இல்ல. அதுவும் ஒரே ஜோன்ல இருக்க கிளஸ்டருக்கும் ஆட்டோபைலட்டுக்கும்தான், ரீஜனல் ஸ்டாண்டர்டுக்குக் கிடையாது. உங்க மூணுல ரெண்டுக்குக் கட்டித்தான் ஆகணும்.

மேலப்பாளையம் ரூட்:
73, 73ன்னு கத்துத ரெண்டு பேரும் இகேஎஸ்ல பெரிய ஓட்டையை விட்டுட்டிய. வெர்ஷன் வந்து 14 மாசம் தாண்டினா எக்ஸ்டெண்டட் சப்போர்ட். மணிக்கு 0.60, மாசம் 438 டாலர். யாரையும் கேக்காம தானா ஏறும். டெவ் தம்பி, உங்க டெவ் கிளஸ்டர் எந்த வெர்ஷன்?

வள்ளியூர் டெவ்:
பாக்கணும்க்கா. போட்டதுக்கப்புறம் யாரும் தொடவே இல்ல.

மேலப்பாளையம் ரூட்:
இன்னைக்கே பாருங்க. காலம் தாண்டலன்னா இதைப் போடுங்க:

```
aws eks update-cluster-config --name dev --upgrade-policy supportType=STANDARD
```

பாளை சர்வர்:
போட்டா கெடு முடிஞ்சதும் அவனே அடுத்த வெர்ஷனுக்கு ஏத்திருவான். நீக்கின ஏபிஐயை நம்பி ஒரு மானிஃபெஸ்ட் இருந்தா அன்னைக்கே தெரியும். புரொடக்‌ஷன்ல போடாதீங்க.

மேலப்பாளையம் ரூட்:
நான் டெவ்னுதான் எழுதியிருக்கேன், `--name dev`. படிச்சுட்டுப் பதில் எழுதுங்க அண்ணாச்சி.