1100 டிகிரியில் மட்டும் கிரெயின்கள் கலந்து வருவது ஏன்?

லேப்_செல்வி: 0.08% கார்பன், 0.035% நயோபியம், 0.005% நைட்ரஜன் உள்ள பிளேட் ஸ்டீல். டைட்டேனியம் கிடையாது. ஒரு மணி நேரம் சூடாக்கி, தண்ணீரில் போட்டு, பிக்ரிக் அமிலத்தில் எட்ச் செய்து பழைய ஆஸ்டினைட் கிரெயினை அளக்கிறேன். 1050 °C-இல் சராசரி விட்டம் 25 மைக்ரான், சீராக இருக்கிறது. 1200-இல் எல்லாமே பெரிது, அதுவும் சீர்தான். 1100-இல் மட்டும் 30 மைக்ரான் கிரெயின்களுக்கு நடுவே 200 மைக்ரானில் சில நிற்கின்றன.

இன்னொரு சந்தேகம். துகள்கள் கிரெயின் எல்லையைப் பிடித்து வைப்பதற்கான ஜீனர் சூத்திரம் `R = 4r/3f`. R கிரெயின் ஆரம், r துகளின் ஆரம், f துகள்களின் கன அளவுப் பங்கு. 1050-க்கு r = 10 நானோமீட்டர், f = 0.0002 என்று போட்டால் R 67 மைக்ரான் வருகிறது. அளந்த ஆரம் 12 சொச்சம்தான். எங்கே இடிக்கிறது?

குமரன்77: நயோபியம் கார்பைடு துகள் கரைகிறது, f குறைகிறது, கிரெயின் வளர்கிறது. அவ்வளவுதான். சோக் நேரத்தைக் குறையுங்கள்.

மெட்_ராஜம்: குமரன், f குறைந்தால் எல்லாம் சேர்ந்துதானே வளர வேண்டும்? சிலது மட்டும் ஏன் ஓடுகிறது?

செல்வி, ஜீனர் கணக்கு அக்கம்பக்கத்துக் கிரெயின்களின் அளவைப் பார்ப்பதில்லை. கிளாட்மேன் 1966-இல் அதைச் சேர்த்தார்:

`R = (πr/6f)(3/2 − 2/Z)`

சராசரியைவிட ஒரு கிரெயின் எத்தனை மடங்கு பெரிது என்பதுதான் Z. Z = 2 போட்டால் உங்கள் 1050-க்கு R 13 மைக்ரான். அளந்ததோடு ஒத்துப்போகிறது.

இப்போது Z = 4 போட்டுப் பாருங்கள். அடைப்புக்குள் 0.5 இருந்த இடத்தில் 1 வருகிறது. அதாவது பெரிய கிரெயினைப் பிடித்து வைக்க இரண்டு மடங்கு துகள் வேண்டும். உங்கள் கலவையில் நயோபியம் முழுவதும் கரைவது சுமார் 1140 °C-இல். 1100-இல் f பாதியாகிவிடும், மிச்சத் துகள்களும் பருக்கும். சாதாரண கிரெயினை அது இன்னும் ஓரளவு பிடிக்கும், முந்தி நிற்பதைப் பிடிக்காது. ஒன்று நழுவிவிட்டால் அக்கம்பக்கம் 30 மைக்ரானிலேயே நிற்க, அதன் Z ஏறிக்கொண்டே போகும். 1200-இல் பிடிக்கத் துகளே இல்லை, எல்லாம் ஒன்றாக வளர்கின்றன.

1100-இல் 15 நிமிடம், 1 மணி, 4 மணி வைத்துப் பாருங்கள். சின்னது அப்படியே நிற்கப் பெரியது மட்டும் அதைத் தின்றால் இதுதான் காரணம்.

கியர்_பாலா: எங்கள் 20MnCr5 கியரிலும் 980-இல் கார்புரைஸ் செய்தால் இதே கலப்பு. அலுமினியத்தைக் கூட்டினால் போதுமா சார்?

மெட்_ராஜம்: உங்களுடையது அலுமினியம் நைட்ரைடு கரைகிற கதை பாலா. நைட்ரஜன் எவ்வளவு என்று தெரியாமல் அலுமினியத்தை மட்டும் கூட்டாதீர்கள். தனி இழை போடுங்கள்.

குமரன்77: அப்போ செல்வி ஸ்டீலில் 0.03% டைட்டேனியம் போட்டால் தீர்ந்ததா?

மெட்_ராஜம்: டைட்டேனியம் சரி, அந்த அளவு வேண்டாம். 0.005% நைட்ரஜனுக்கு 0.017%-க்குக் கீழேதான் இருக்க வேண்டும். கூடினால் நைட்ரைடு உருகிய நிலையிலேயே மைக்ரான் அளவுக் கட்டிகளாக வந்துவிடும். அது எல்லையைப் பிடிக்காது, டஃப்னெஸையும் கெடுக்கும்.

லேப்_செல்வி: 15 நிமிடத்தில் பெரியது அங்கொன்று இங்கொன்று. 4 மணியில் பாதிப் பரப்பு போய்விட்டது, மிச்சமெல்லாம் 35 மைக்ரான். ஆனால் பெரியவை ரோலிங் திசையில் வரிசையாக வருகின்றன.

மெட்_ராஜம்: வரிசை என்றால் நயோபியம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லாமலும் இருக்கலாம். குறைவான பட்டையில் துகள் முதலில் தீர்ந்துவிடும். குறுக்கே மைக்ரோபுரோப் ஓட்டினால்தான் தெரியும்.

லேப்_செல்வி: சாம்பிள் அனுப்பியிருக்கிறேன். முடிவு வந்ததும் இங்கேயே போடுகிறேன்.