[கலைச்சொல்] ஸ்கோர் தாளுக்கு ஐந்து தலைப்புகள் – வெள்ளிக்கு முன் வேண்டும்

ஹட்டனிலிருந்து, ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். தோட்டப் பாடசாலைகளுக்கு இடையிலான பத்து ஓவர் கிரிக்கெட் போட்டிக்கு ஸ்கோர் தாள் அச்சடிக்கிறோம். ஆண்கள், பெண்கள் இரு பிரிவுக்கும் ஒரே தாள்தான். எழுதப் போகிறவர்கள் தரம் 9, 10 பிள்ளைகள். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும்.

எனக்கு வேண்டியவை ஐந்து: பேட்டர், ரன்ஸ், பால்ஸ் ஃபேஸ்ட், ஸ்ட்ரைக் ரேட், எக்ஸ்ட்ராஸ். பெயருக்கு ஐந்து சென்டிமீட்டர் விட்டால் மற்ற நிரல் ஒவ்வொன்றுக்கும் ஒன்றரைதான் மிஞ்சுகிறது. ஆகவே நீளமான சொல் மடிந்து மூன்று வரியாகும். "ஓட்டம்" பற்றிக் கேள்வி இல்லை, அது நிலைத்துவிட்டது. மற்ற நான்கையும் சொல்லுங்கள்.

பண்டாரவளையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

டீச்சர், முதலாவதற்குத் துடுப்பாளர் என்றே போடுங்கள். நம் செய்தித்தாள்கள் எழுதும் "துடுப்பாட்ட வீரர்" உங்கள் நிரலில் அடங்காது. பெண்கள் பிரிவு வந்ததும் "வீராங்கனை" என்று இன்னொரு தாள் வேண்டியிருக்கும். ஆங்கிலத்திலேயே 2021இல் எம்.சி.சி. விதி நூலில் ஆண்பாற் சொல்லை விட்டுப் பேட்டர் என்று மாற்றிக்கொண்டார்கள். நமக்கு "-ஆளர்" விகுதி முன்பே இரு பாலுக்கும் பொதுவாக இருக்கிறது.

துடுப்பு என்றால் ஓடம் வலிக்கும் துடுப்பு மட்டுமல்ல, அகப்பையும் துடுப்புத்தான். இரண்டும் துழாவும் கருவிகள். துழா என்பதே துடு என்று ஆகியிருக்க வேண்டும் என்பது என் துணிபு. நாழிகை, நாடி என்று ழகரமும் டகரமும் ஒரே பொருளில் நிற்பதைப் பாருங்கள். அப்படியானால் ஆட்டக்காரர் பந்தைத் துழாவி எடுக்கிறார் என்ற பொருளும் அதில் கிடைக்கிறது. தமிழ்நாட்டார் எழுதும் "மட்டையாளர்" தவறல்ல. ஆனால் மட்டை என்றதும் நமக்குத் தென்னை மட்டைதான் முதலில் நினைவுக்கு வரும்.

ஸ்ட்ரைக் ரேட்டுக்கு அடிவீதம். அடித்த, அடிக்கின்ற, அடிக்கும் வீதம் என மூன்று காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை. எக்ஸ்ட்ராஸுக்கு உதிரி.

தலவாக்கலையிலிருந்து, பயிற்றுநர்:

சேர் சொல்வது படிக்க நன்றாக இருக்கிறது. மைதானத்தில் எந்தப் பிள்ளையும் அடிவீதம் என்று சொல்லாது. "உன் ஸ்ட்ரைக் ரேட் என்ன?" என்றுதான் கேட்கும். தமிழ் எழுத்தில் அப்படியே போட்டுவிடலாம். விக்கெட்டையும் ஓவரையும் ஏற்றுக்கொண்டோமே.

பால்ஸ் ஃபேஸ்டுக்கு "ஆடிய பந்து" போதும். அதில் அகலப்பந்தும் சேராது, நோ-போலும் சேராது. இரண்டும் ஓவர் கணக்கில் வராதவை, ஆகவே துடுப்பாளர் கணக்கிலும் வராது.

பதுளையிலிருந்து, பல காலம் ஸ்கோர் எழுதியவர்:

தம்பி, பாதி சரி. அகலப்பந்து துடுப்பாளர் கணக்கில் வராது. நோ-போல் வரும். ஓவர் கணக்கு வேறு, துடுப்பாளரின் பந்துக் கணக்கு வேறு. அகலப்பந்து எட்டாத இடத்தில் போவது, அவர் ஆடியிருக்க முடியாது. நோ-போலை அடித்து ஓட்டம் எடுக்கலாம், எடுத்தால் அது அவர் பெயரில் விழும். ஓட்டத்தைக் கொடுத்துவிட்டுப் பந்தை மட்டும் எண்ணாமல் விட்டால் கணக்கு கோணும்.

ஒரு ஓவரைப் போட்டுக் காட்டுகிறேன். பந்தை எதிர்கொள்ளும் முனையில் அ, எதிர்முனையில் ஆ.

முதற்பந்து அகலம். அடுத்ததில் அ நான்கு. அடுத்தது நோ-போல், அதில் அ இரண்டு ஓடி எடுக்கிறார். பிறகு காலில் பட்டு ஒரு ஓட்டம், முனை மாறுகிறது. ஆ ஒன்று எடுக்கிறார், முனை மீண்டும் மாறுகிறது. அ ஒரு பந்தைத் தடுக்கிறார். அடுத்தது மட்டையிலும் படாமல் காப்பாளரையும் தாண்டிப் போக, பையாக இரண்டு. கடைசிப் பந்தில் அ ஆறு.

| துடுப்பாளர் | ஓட்டம் | பந்து | வீதம் |
|---|---|---|---|
| அ | 12 | 6 | 200.00 |
| ஆ | 1 | 1 | 100.00 |
| உதிரி (அகலம் 1, நோ-போல் 1, கால் பை 1, பை 2) | 5 | | |
| மொத்தம் | 18 | | |

தம்பி சொன்னபடி நோ-போலை விட்டால் அ ஐந்து பந்தில் 12, வீதம் 240 ஆகிவிடும். அகலத்தையும் சேர்த்து எண்ணினால் ஏழு பந்து, 171.43. ஒரே ஆட்டம், மூன்று எண்.

எங்கே பிழைத்தது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. துடுப்பாளர் எல்லோருடைய பந்துகளையும் கூட்டுங்கள். முறையாக வீசிய பந்துகளோடு நோ-போல்களைச் சேர்த்தால் அதே எண் வர வேண்டும். துடுப்பாளர் பக்கம் அ 6 + ஆ 1 = 7, வீசிய பக்கம் முறையானவை 6 + நோ-போல் 1 = 7. கூடினால் பெரும்பாலும் அகலத்தை எண்ணியிருப்பார்கள், குறைந்தால் நோ-போலை விட்டிருப்பார்கள். பந்துவீச்சாளர் பக்கம் 15 ஓட்டம்தான், கால் பை ஒன்றும் பை இரண்டும் அவர் தலையில் ஏறாது.

ஆகவே "ஆடிய பந்து" வேண்டாம். விட்டுவிட்ட பந்தும், காலில் பட்ட பந்தும் எண்ணப்படுகின்றன, அவற்றை அவர் ஆடவில்லை. அந்தத் தலைப்பைப் பார்த்து ஒரு பிள்ளை அவற்றை விட்டுவிட்டால் குற்றம் பிள்ளையினது அல்ல.

கொட்டகலையிலிருந்து:

கணினியில் இந்த அட்டவணை செய்வதைத்தானே கேட்கிறீர்கள்? ஒரு பந்தும் சந்திக்காமல் ஓடி ஆட்டமிழப்பவருக்கு பூச்சியத்தால் வகுத்து `#DIV/0!` வந்து நிற்கும். ஓட்டம் C நிரலிலும் பந்து D நிரலிலும் இருந்தால் இதைப் போடுங்கள்.

```
=IF(D2=0,"-",ROUND(C2/D2*100,2))
```

பூச்சியம் என்று எழுதிவிடாதீர்கள். பத்துப் பந்து ஆடி ஓட்டமில்லாதவருக்குத்தான் பூச்சியம். பந்தே காணாதவருக்குக் கோடு.

ஹட்டன் ஆசிரியை:

கேட்டது சொல்லைத்தான், ஆனாலும் அந்தக் கோடு தாளுக்கும் வேண்டியதே. குறிப்பாகச் சேர்க்கிறேன்.

வீதம் என்ற தனிச்சொல்லில் எனக்கு ஒரு தயக்கம். பிள்ளைகள் கணிதத்தில் சதவீதம் படித்தவர்கள். 200 என்று பார்த்ததும் "நூற்றுக்கு மேல் எப்படி வரும்?" என்று கேட்கிறார்கள். பரீட்சைப் புள்ளி போல நூறுதான் உச்சம் என்று நினைத்து, வந்த விடையை அழித்து நூறாக்கியும் விடுகிறார்கள். சிலர் தலைகீழாகப் பந்தை ஓட்டத்தால் வகுக்கிறார்கள். சொல்லே வழி காட்ட முடியுமா?

பதுளையிலிருந்து:

முடியும், ஆனால் நீளும்: "நூறு பந்துக்கு ஓட்டம்". அந்த எண் சொல்வது அவ்வளவுதான். இதே வேகத்தில் நூறு பந்து ஆடினால் எத்தனை எடுப்பார் என்று கேட்டால் 200 யாரையும் குழப்பாது.

"ஓட்டவீதம்" என்று மட்டும் போடாதீர்கள். அது அணி ஓவருக்கு எடுக்கும் ஓட்டத்துக்கு ஏற்கெனவே போய்விட்டது. அடிவீதத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது, ஐயா. பந்துவீச்சாளருக்கும் ஸ்ட்ரைக் ரேட் உண்டு, அது ஒரு விக்கெட்டுக்கு எத்தனை பந்து என்ற கணக்கு. நம் கண்டி முரளிதரன் டெஸ்டில் 44,039 பந்து வீசி 800 விக்கெட் எடுத்தார், வகுத்தால் 55 சொச்சம். துடுப்பாளருக்கு எண் ஏறினால் நல்லது, பந்துவீச்சாளருக்கு இறங்கினால் நல்லது. அங்கே யார் யாரை அடிக்கிறார்?

பண்டாரவளையிலிருந்து:

ஒப்புக்கொள்கிறேன். அடிவீதம் துடுப்பாளருக்கு மட்டும் இருக்கட்டும், பந்துவீச்சுக்கு "வீழ்த்துவீதம்" என்று வேறாக வைப்போம். ஆங்கிலம் இரண்டை ஒன்றாகக் கட்டியதற்காக நாமும் கட்ட வேண்டியதில்லை. வட்டிவீதம் என்று இங்கே எல்லோரும் சொல்வதால் வீதம் தோட்டத்துப் பெற்றோருக்கும் விளங்கும்.

பால்ஸ் ஃபேஸ்டுக்கு "எதிர்கொண்ட பந்து". எதிர்கொள்ளல் என்பது முன்சென்று வரவேற்பது. விருந்தினரை எதிர்கொண்டு அழைப்போம். வருவதை ஏற்றலே அங்கு முக்கியம், அடித்தாரா விட்டாரா என்பது அடுத்த பேச்சு. வானொலி வருணனையில் வரும் "முகங்கொடுத்த பந்து" சிங்களத்தின் போக்கைத் தழுவியது, அதை நான் விரும்புவதில்லை.

தலவாக்கலையிலிருந்து:

நோ-போல் விஷயத்தைத் திருத்திக்கொண்டேன், நன்றி அண்ணே. ஆனால் முகங்கொடுத்தலை விடமாட்டேன். "32 பந்துகளுக்கு முகங்கொடுத்து" என்று நம் ஊரில் கேட்காத பிள்ளை இல்லை. சிங்களத்திலும் அப்படிச் சொல்வதால் அது தமிழ் இல்லாமல் போகுமா?

எக்ஸ்ட்ராஸுக்கு "மேலதிகம்" போடுங்கள். மேலதிக வகுப்பு, மேலதிக நேரம் எல்லாம் வீட்டுப் பேச்சு.

பண்டாரவளையிலிருந்து:

மேல் என்றாலும் அதிகம் என்றாலும் ஒன்றுதானே தம்பி. ஒரே பொருளை இரு மொழியில் அடுக்கியிருக்கிறோம்.

பதுளையிலிருந்து:

அந்தக் குறையை விடுங்கள், பொருளைப் பாருங்கள். மேலதிகம் என்றால் உரியதற்கு மேலே வந்தது. பிள்ளைகள் இதை மொத்தம் போட்ட பிறகு தனியாகக் கூட்ட வேண்டிய ஒன்று என்று எடுத்துக்கொள்ளலாம். உதிரி என்றால் சரத்தில் கோக்காத பூ. எந்தத் துடுப்பாளர் பெயரிலும் கோக்கப்படாத ஓட்டம், ஆனால் கூடைக்குள் இருப்பது. தோட்டத்தில் வேலைப் பதிவேடான செக்ரோலில் பேர் விழுவது போலத்தான் இதுவும்: மட்டையால் வந்த ஓட்டத்துக்குப் பேர் விழும், இதற்குப் பேர் விழாது, அணிக்கு மட்டும் சேரும்.

ஒரு எச்சரிக்கை. நோ-போலில் அ எடுத்த இரண்டு உதிரியில்லை. நோ-போலுக்கான ஒன்றுதான் உதிரி. முழுவதையும் உதிரியில் எழுதினால் அணியின் மொத்தம் சரியாகவே வரும், ஆகவே யாருக்கும் பிழை தெரியாது. துடுப்பாளருக்கு மட்டும் இரண்டு ஓட்டம் போய்விடும். அந்த இரண்டை நோ-போல் குறியின் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பிறகு நினைவில் இருந்து எழுதினால் உதிரியில் போய் விழும். பந்துமுனைப் பேனா மலைச்சாரலில் ஈரமான தாளில் எழுதாது, பென்சில் கொடுங்கள்.

ஹட்டன் ஆசிரியை, வியாழன் இரவு:

விடியற்காலை கொடுக்க வேண்டும், இதற்கு மேல் காத்திருக்க முடியாது. தாளில் போவது: துடுப்பாளர், ஓட்டம், பந்து, அடிவீதம், உதிரி. "எதிர்கொண்ட" நிரலில் அடங்கவில்லை. அடிக்குறிப்பில் "பந்து: எதிர்கொண்டவை. அகலப்பந்து சேராது, நோ-போல் சேரும்" என்றும், "அடிவீதம்: நூறு பந்துக்கு ஓட்டம்" என்றும் எழுதியிருக்கிறேன். மேலதிகத்துக்கும் உதிரிக்கும் நடுவில் நான் உதிரியைத் தெரிந்தெடுத்தது செக்ரோல் விளக்கத்துக்காக.

தலவாக்கலையிலிருந்து:

டீச்சர், அச்சில் போகட்டும். எங்கள் பிள்ளைகளுக்கு அடிவீதத்தின் கீழே ஸ்ட்ரைக் ரேட் என்று பென்சிலால் நான் எழுதிக் கொடுப்பேன். அடுத்த வருடம் மறுபடி கேட்பேன்.

பண்டாரவளையிலிருந்து:

எழுதுங்கள் தம்பி. நோ-போலைப் பற்றி ஒன்று சொல்ல மறந்தேன். அதையும் இப்படியே விட்டுவிட்டோமே, "முறையில் பந்து" என்றால் என்ன? முறை இல்லாத பந்து என விரியும். இல் என்பது இங்கே இன்மை...

ஹட்டன் ஆசிரியை:

சேர், "முறையில் வீசிய பந்து" என்று படித்துவிடுவார்கள். அதை அடுத்த இழையில் வைத்துக்கொள்வோம்.