ரிங் ஃபிரேம் பிரிவுக்கான டாஷ்போர்டு: கைப்பேசியில் எதை வைப்பது, எதை எடுப்பது?

கதிர்முனை

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் கணினிப் பிரிவில் இருக்கிறேன். மொத்தம் 24 ரிங் ஃபிரேம்கள். முதலாளி அலுவலகத்தில் பார்ப்பதற்காகப் பவர் பி.ஐ.யில் செய்த பக்கத்தில் 11 படங்கள் உள்ளன. அதையே ஷிப்ட் சூப்பர்வைசர்களின் கைப்பேசிக்கும் தரச் சொன்னார்கள். பதினொன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் யாரும் திறப்பதே இல்லை. இரவு ஷிப்டில் ஒருவர் பட்டியலில் 14ஐத் தொட நினைத்து 15ஐத் தொட்டிருக்கிறார். 15இன் கணக்கைப் பார்த்துவிட்டு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த 14இன் முன்னால் போய் நின்று கோளாறைத் தேடியிருக்கிறார். எவற்றை நீக்கலாம்? தொடும் இடங்கள் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

நூலிழை

சூப்பர்வைசர் கைப்பேசியை எடுக்கும்போது அவர் மனதில் ஒரே கேள்விதான் இருக்கும்: இப்போது எந்த மிஷினுக்கு நடக்க வேண்டும்? உங்களிடம் இருக்கும் பதினொன்றையும் அந்தக் கேள்விக்கு முன்னால் நிறுத்திப் பாருங்கள். மாத உற்பத்தி வரைபடம், ஒரு கிலோ நூலுக்கு ஆகும் மின்சாரத்தைச் சொல்லும் யூ.கே.ஜி., கழிவு சதவீதம், கவுண்ட் வாரியான வட்டப்படம் இவையெல்லாம் முதலாளிக்குத் தேவையானவை. இரவு இரண்டு மணிக்குச் சூப்பர்வைசர் இவற்றில் எதையும் மாற்ற முடியாது.

மூன்று போதும் என்பது என் கருத்து. மேலே, இந்த ஷிப்டின் உற்பத்தி கிலோவில், பக்கத்திலேயே இந்நேரத்துக்கு வந்திருக்க வேண்டிய இலக்கு. அடுத்து, நின்றிருக்கும் மிஷின்களின் எண்ணும் காரணமும். கீழே 24 மிஷின்களுக்கும் ஆளுக்கொரு கட்டம்.

அளவைச் சொல்கிறேன். ஆண்ட்ராய்டு வழிகாட்டி ஒரு தொடு இடத்துக்கு 48 டி.பி. கேட்கிறது, ஆப்பிள் 44 பாயிண்ட் கேட்கிறது. பரவலாகப் புழங்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் திரை 360 டி.பி. அகலம். இரு ஓரத்திலும் 16 விட்டு, கட்டங்களுக்கு நடுவே 8 இடைவெளி கொடுத்தால், வரிசைக்கு நான்கு கட்டம் வைக்கும்போது ஒவ்வொன்றும் 76 அகலம் வரும். ஆறு வரிசை, ஒவ்வொன்றும் 48 உயரம் என்றால் மொத்த உயரம் இடைவெளியோடு 328. இருபத்து நான்கு மிஷினும் உருட்டாமலே ஒரே பார்வையில் அடங்கிவிடும். உங்கள் பட்டியலில் ஒரு வரியின் உயரம் இதில் பாதிகூட இருக்காது என்று நினைக்கிறேன். 14க்கும் 15க்கும் நடுவில் விரல் தடுமாறியதற்கு அதுதான் காரணம்.

தரவுத்தச்சன்

இதை நான் ஏற்கவில்லை. பெரிய கட்டம் வேண்டும் என்பது சரி, அதில் சண்டை இல்லை. படங்களைப் பதினொன்றிலிருந்து மூன்றாக வெட்டுவதுதான் தவறு. சூப்பர்வைசர்கள் இருபது வருடம் நூற்பில் பழுத்தவர்கள். அவர்களுக்கு எது தேவை என்று மேசையில் உட்கார்ந்து நாம் முடிவு செய்யக் கூடாது. எல்லாவற்றையும் கொடுங்கள், முக்கியமானதை மேலே வையுங்கள். வேண்டியவர் உருட்டிப் பார்க்கட்டும். கைப்பேசியைப் படுக்கையாகத் திருப்பினால் முழுப் பக்கமும் வருகிறதே, அதுவும் இருக்கிறது.

இன்னொன்று. வரைபடத்தை எடுத்துவிட்டுத் தனி எண்ணை வைத்தால் அந்த எண் எதையும் சொல்லாது. 9ஆம் மிஷினில் நூறு ஸ்பிண்டிலுக்கு மணிக்கு 6 நூல் அறுப்பு என்று காட்டுகிறீர்கள். அது ஏறி வந்த 6ஆ, இறங்கி வந்த 6ஆ? கோடு இருந்தால் ஒரு நொடியில் தெரியும்.

பழைய_ஷிப்ட்

நான் ஓய்வு பெற்ற ஸ்பின்னிங் மாஸ்டர். ஓடும் மிஷின்களுக்கு நடுவே கைப்பேசி எதற்கு? கவனம் சிதறும், விபத்து வரும். எங்கள் காலத்தில் பிரிவு வாசலில் ஒரு கரும்பலகை இருந்தது. மிஷின் எண், கவுண்ட், அறுப்பு, டாஃப் நேரம் என்று நான்கே பத்திகள். ஷிப்டுக்கு நான்கு முறை சுண்ணக்கட்டியால் எழுதுவோம். அதை வைத்தே நடத்தினோம்.

நூலிழை

ஐயா, கைப்பேசி வேண்டுமா வேண்டாமா என்பது இங்கே கேள்வியாக இல்லை, ஆலை அதை ஏற்கெனவே கொடுத்துவிட்டது. ஆனால் உங்கள் பலகை எனக்குப் பெரிய உதவி. டாஃப் நேரத்துக்கு ஏன் ஒரு பத்தி ஒதுக்கினீர்கள்?

பழைய_ஷிப்ட்

நூல் நிறைந்த கோப்புகளை டாஃப் எடுத்துவிட்டு மிஷினை மறுபடி ஓட்டும்போது அறுப்பு கூடும், அம்மா. வெறும் கோப்பில் நூல் பிடித்து வேகம் எடுக்கும் நேரம் அது. கொஞ்ச நேரத்தில் தானாகக் குறையும். புதிதாக வந்த பையன் அந்த எண்ணைப் பார்த்துப் பதறிப்போய் டிராவலரை மாற்றக் கிளம்பிவிடுவான். டாஃப் முடிந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பக்கத்தில் எழுதியிருந்தால் பதற மாட்டான்.

நூலிழை

இதை நான் யோசிக்கவில்லை. தரவுத்தச்சன் சொன்னதில் பாதி சரி என்று ஒப்புக்கொள்கிறேன், தனி எண் ஏமாற்றும். ஆனால் அதற்குத் தீர்வு கோட்டு வரைபடம்தான் என்று எனக்குத் தோன்றவில்லை. கட்டத்தைத் தொட்டால் திறக்கும் பகுதியில் கடந்த ஒரு மணி நேர அறுப்பையும், அதன்கீழ் 'டாஃப் முடிந்து 12 நிமிடம்' என்ற ஒரு வரியையும் வைத்தால், ஐயா சொன்ன பதற்றம் அடங்கிவிடும். ஒரு மணி நேரம் என்பது கணக்குக்கும் வசதி. 1,008 ஸ்பிண்டில் உள்ள மிஷினில் ஒரு மணியில் 30 அறுப்பு என்றால் நூற்றுக்கு ஏறத்தாழ 3.

மற்ற பாதிக்கு வருகிறேன். கைப்பேசியில் உருட்டுவது அலுவலகத்தில் மவுஸைச் சுழற்றுவதைப் போன்றது இல்லை. உருட்டுகிற விரலேதான் தொடவும் செய்கிறது. பதினொரு படங்களைத் தாண்டி வருபவரின் விரல் நடுவில் எங்காவது ஒரு பட்டையில் பட்டுவிடும். உடனே அந்தப் பக்கத்தின் மற்ற எண்கள் எல்லாம் அந்தப் பட்டைக்கு உரியதாக வடிகட்டப்படும். பார்ப்பவருக்கு அது தெரியாது. மொத்த உற்பத்தி திடீரென்று குறைந்ததாக நினைத்துக்கொள்வார். நீளமான அட்டவணை இருந்தால் இன்னும் மோசம்: விரல் அதன்மேல் பட்டதும் பக்கம் நின்று அட்டவணை மட்டும் உருளும். அதற்குக் கீழே எதுவும் இல்லை என்று பலர் மூடிவிடுகிறார்கள். படுக்கையாகத் திருப்பினால் வருவது அலுவலகத் திரைக்காகச் செய்த பக்கம்தான், எழுத்தெல்லாம் எறும்பாகிவிடும்.

கதிர்முனை

அட்டவணை விஷயம் அப்படியே எங்களுக்கும் நடந்தது. நின்ற மிஷின் பட்டியல் அட்டவணைக்குக் கீழேதான் இருந்தது. அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்று மூன்று பேர் சொன்னார்கள். பட்டை தொடுவதால் எண் மாறுவதை எப்படித் தடுப்பது?

தரவுத்தச்சன்

`Edit interactions` போய் அந்தப் படத்துக்கு `None` கொடுங்கள். இரண்டு நிமிட வேலை. படங்களைத் தூக்கிப் போடும் அளவுக்கு இது ஒன்றும் பெரிய சிக்கல் இல்லை.

நூலிழை

கொடுக்கலாம், ஆனால் அது அலுவலகப் பக்கத்தையும் பாதிக்கும். மொபைல் லேஅவுட்டில் எழுத்தளவு, நிறம், இடம் போன்றவற்றைத் தனியாக மாற்றலாம். எந்தப் படம் எதை வடிகட்டும் என்பது மட்டும் பக்கம் முழுவதற்கும் பொது. கதிர்முனையின் முதலாளி மறுநாள் ஒரு பட்டையைத் தொட்டுவிட்டு 'ஏன் வேலை செய்யவில்லை' என்று கேட்பார்.

அதனால்தான் தனிப் பக்கம் ஒன்றைச் சூப்பர்வைசருக்கென்றே செய்யச் சொல்கிறேன். மிஷின் கட்டங்களுக்கு `Button slicer` போட்டு, நான்கு பத்தி ஆறு வரிசை என்று அமைத்து, `Single select` வைத்துவிடுங்கள். உற்பத்தி, நின்ற மிஷின் இரண்டும் எல்லா மிஷினுக்கும் உரியவை என்பதால் அவற்றுக்கு `None`. தொட்ட மிஷினின் எண் விவரப் பகுதியின் தலைப்பில் பெரிதாக வரட்டும். 14 என்று நினைத்து 15ஐத் தொட்டாலும் அந்தத் தலைப்பு காட்டிக்கொடுத்துவிடும்.

தரவுத்தச்சன்

இரண்டு பக்கம் என்றால் இரண்டு பராமரிப்பு. ஆறு மாதத்தில் இரண்டும் இரண்டு கணக்குச் சொல்லும். அலுவலகத்தில் ஒரு எண்ணும் பிரிவில் வேறு எண்ணும் வந்தால் கூட்டத்தில் அடி விழுவது சூப்பர்வைசருக்குத்தான். நான் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நூலிழை

இரு பக்கமும் ஒரே மெஷரை எடுத்தால் எண் பிரியாது. பிரிந்த இடங்களில் யாராவது கைப்பேசிப் பக்கத்துக்கென்று கணக்கைப் புதிதாக எழுதியிருப்பார்கள். ஆனால் பராமரிப்பு கூடும் என்பது உண்மை, அதை மறுக்கவில்லை.

கதிர்முனைக்கு ஒரு வார்த்தை. டெஸ்க்டாப்பில் தெரியும் முன்னோட்டத்தை வைத்து அளவை முடிவு செய்ய வேண்டாம். சூப்பர்வைசரின் கைப்பேசியிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். 1080 பிக்சல் அகலத் திரை 360 டி.பி. என்றால் ஒரு டி.பி.க்கு 3 பிக்சல். ஆகவே கட்டத்தின் உயரம் படத்தில் 144 பிக்சலுக்குக் குறையக் கூடாது. சிலர் எழுத்தையும் திரையையும் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். அப்போது திரை அகலமே 320 டி.பி.யாகச் சுருங்கிவிடும், நான்கு பத்தியில் எண் உடையலாம். வயதானவர் கைப்பேசியில்தான் முதலில் பாருங்கள்.

கதிர்முனை

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். தனிப் பக்கம் போட்டேன். முதல் ஸ்கிரீன்ஷாட்டில் கட்டம் 102 பிக்சல்தான் இருந்தது, முன்னோட்டத்தில் பெரிதாகத்தான் தெரிந்தது. உயரத்தைக் கூட்டி 150 ஆக்கினேன். அன்று தடுமாறியவரிடமே கொடுத்துப் பின்னால் நடந்தேன். கண்ணாடியைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். கையில் பஞ்சுத் துகள், இடது கையில் அறுந்த ரோவிங். வலது கட்டை விரலால் மட்டும் தொட்டார். ஏழு முறையும் நினைத்த மிஷினே வந்தது.

ஒரு இடத்தில் மாட்டினார். சிவப்புக் கட்டம் என்றால் நின்ற மிஷின் என்று நினைத்தார். நான் அறுப்பு கூடிய மிஷினுக்குச் சிவப்பு கொடுத்திருந்தேன். இப்போது நிறத்தோடு 'நின்றது', 'அறுப்பு' என்று சொல்லையும் எழுதிவிட்டேன். 76 அகலத்தில் இரண்டும் அடங்குகின்றன.

பழைய_ஷிப்ட்

டாஃப் நேரம் போட்டாயா, தம்பி?

கதிர்முனை

போட்டேன் ஐயா. ஆனால் டாஃப் நேரம் மிஷினிலிருந்து தானாக வருவது 16 ஃபிரேம்களில் மட்டும். மீதி எட்டும் பழையவை, கையால் பதிய வேண்டும். பதிய மறந்தால் 'டாஃப் முடிந்து 9 மணி நேரம்' என்று பொய் காட்டுகிறது. இப்போதைக்கு அந்த எட்டுக்கும் அந்த வரியை எடுத்துவிட்டேன்.

தரவுத்தச்சன்

அப்படியென்றால் அந்த எட்டு மிஷினுக்கு எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்ல உங்களிடம் எதுவும் இல்லை. அங்காவது ஒரு சின்னக் கோடு போடுங்கள். கட்டத்துக்குள் வேண்டாம், தொட்டால் திறக்கும் பகுதியில் போதும். கடைசி நான்கு மணி நேரம்.

நூலிழை

விவரப் பகுதியில் என்றால் எனக்கு மறுப்பில்லை. அந்தக் கோடு தொட்டால் எதையும் வடிகட்டாமல் இருக்க வேண்டும். ஆனால் ஏறினதா இறங்கினதா என்று ஒரு அம்புக்குறியே போதாதா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் இருக்கிறது.

தரவுத்தச்சன்

டாஃப் எடுத்ததும் அம்பு மேலேதான் காட்டும். கோட்டில் அந்த ஏற்றமும் அதன்பின் வரும் இறக்கமும் தெரியும்.

கதிர்முனை

நான்கு பழைய ஃபிரேம்களில் கோடும் நான்கில் அம்பும் போட்டு, இரவு ஷிப்டில் கொடுத்துப் பார்க்கிறேன்.